ஆடும் கோபுரத்துக்குள் எத்தனை டன் எடையைத் தொங்கவிட வேண்டும்?

வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒன்றிலிருந்து தொடங்கலாம். ஜன்னலின் இரண்டு கம்பிகளுக்கு நடுவே ஒரு நூலைக் கொஞ்சம் தொய்வாகக் கட்டுங்கள். அதிலிருந்து ஒரு சாண் இடைவெளியில் இரண்டு நூல்களைத் தொங்கவிடுங்கள். இரண்டும் ஒரே நீளம், அரை மீட்டர் இருக்கட்டும். ஒன்றின் நுனியில் கனமான பூட்டு, இன்னொன்றின் நுனியில் சின்ன நட்டு. இப்போது பூட்டை மட்டும் இழுத்து விடுங்கள். முதலில் பூட்டு மட்டும் ஆடும். கொஞ்ச நேரத்தில் யாரும் தொடாமலேயே நட்டு ஆடத் தொடங்கும். அதன் வீச்சு கூடக் கூட, பூட்டின் ஆட்டம் குறைந்துகொண்டே வரும். அப்புறம் எல்லாம் தலைகீழாகும்: நட்டு அடங்க, பூட்டு மறுபடி ஆடும்.

அடுத்து நட்டின் நூலைப் பத்து சென்டிமீட்டர் குறைத்துக் கட்டிப் பாருங்கள். பூட்டு பாட்டுக்கு ஆடும், நட்டு சும்மா நடுங்கும். கொடுக்கல் வாங்கல் நின்றுவிடும். கடைசியாக நூலைப் பழைய நீளத்துக்கே கொண்டுவந்து, நட்டு தண்ணீரில் முங்கும்படி அடியில் ஓர் அகலமான பாத்திரத்தை வையுங்கள். இந்த முறை நட்டுக்குப் போன ஆட்டம் தண்ணீரில் கரைந்துவிடும், பூட்டுக்குத் திரும்பி வராது.

ஒல்லியான கோபுரங்களின் ஆட்டத்தை அடக்க உச்சியில் தொங்கவிடும் டியூன்டு மாஸ் டேம்பர் இந்த நட்டும் தண்ணீரும்தான். 1909-இல் ஹெர்மன் ஃப்ராம் இதற்குக் காப்புரிமை கோரியபோது அதில் எடையும் ஸ்பிரிங்கும் இருந்தன. தண்ணீரின் வேலையைச் செய்யும் தணிப்பைச் சேர்த்து, அதை எவ்வளவு வைக்க வேண்டும் என்ற கணக்கைப் போட்டவர்கள் 1928-இல் ஆர்மண்ட்ராய்டும் டென் ஹார்டாக்கும். இன்று இதைப் படிக்க வருபவர்களுக்கு இரண்டு கேள்விகள் எழும். எடை எவ்வளவு? அதை எந்த அதிர்வெண்ணுக்கு இசைக்க வேண்டும்? சூத்திரங்கள் இரண்டுக்கும் ஒரு நிமிடத்தில் விடை தந்துவிடும். ஆனால் அந்த விடை எதை விலையாகக் கேட்கிறது என்று தெரிந்தால்தான் சரியான எண்ணைத் தேர்ந்தெடுக்க முடியும். அதற்காக ஒரு கோபுரத்தை எடுத்துக்கொண்டு முழுக் கணக்கையும் போடுவோம்.

நம் கோபுரம்

எஃகால் ஆன பார்வையாளர் கோபுரம் ஒன்று. உயரம் 120 மீட்டர், மொத்த எடை 1,500 டன், உச்சியில் ஒரு பார்வை மாடம். காற்று தள்ளும்போது அது ஒரு முறை போய்வர 2.5 வினாடி ஆகிறது. அதாவது இயல்பு அதிர்வெண் 0.40 ஹெர்ட்ஸ். எஃகுக் கோபுரம் தன் ஆட்டத்தைத் தானே அடக்கிக்கொள்ளும் திறன் மிகக் குறைவு; தணிப்பு விகிதம் 1 சதவீதம் என்று வைப்போம். இவை கணக்குக்காக நான் வைத்த எண்கள்தான், ஆனால் இந்த உயரத்தில் ஒரு கோபுரத்துக்கு இயல்பானவை.

பலத்த காற்றில் மாடத்தின் முடுக்கம் 30 மில்லி-ஜி வரை போகிறது. ஒரு மில்லி-ஜி என்றால் புவியீர்ப்பு முடுக்கத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 5 மில்லி-ஜியிலேயே சிலருக்கு ஆட்டம் தெரிந்துவிடும். 30 என்றால் குழந்தையோடு வந்தவர்கள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு லிஃப்டைத் தேடுவார்கள். நீளக் கணக்கில் பார்த்தால் இது இந்தப் பக்கம் 4.7 சென்டிமீட்டர், அந்தப் பக்கம் 4.7 சென்டிமீட்டர்தான். கோபுரம் விழப்போவதில்லை. மனிதர்களுக்குத்தான் அது தாங்காது. இதைப் பாதியாக, 15 மில்லி-ஜிக்குக் குறைக்க வேண்டும் என்பது நம் இலக்கு.

எல்லாக் கணக்கும் கிளம்பும் இடம் ஒன்று உண்டு. காற்று சீராகத் தள்ளுவதில்லை, விட்டுவிட்டு, ஒழுங்கில்லாமல் தள்ளுகிறது. அப்படிப்பட்ட விசையில் அதிர்வு, தணிப்பின் வர்க்கமூலத்துக்கு எதிர் விகிதத்தில் இருக்கும். ஆட்டம் பாதியாக வேண்டுமானால் தணிப்பு இரண்டு மடங்காவது போதாது, நான்கு மடங்காக வேண்டும். ஆக, 1 சதவீதத்தை 4 சதவீதமாக்க வேண்டும். டேம்பரிடம் நாம் கேட்பது இதுதான்.

எதன் எடையில் சதவீதம்?

நிறை விகிதம் என்பது டேம்பரின் எடையைக் கோபுரத்தின் எடையால் வகுப்பது. கோபுரத்தின் எந்த எடை என்பதில்தான் புதிதாகக் கணக்குப் போடுபவர்கள் வழுக்குகிறார்கள். கோபுரம் ஆடும்போது அதன் அடிப்பகுதி அசைவதே இல்லை. பாதி உயரத்தில் கொஞ்சம் அசையும். உச்சிதான் முழுவதுமாக ஆடும். எனவே அடியில் இருக்கும் ஒரு டன்னும் உச்சியில் இருக்கும் ஒரு டன்னும் ஆட்டத்தைப் பொறுத்தவரை சமம் அல்ல. ஒவ்வோர் அடுக்கின் எடையையும், உச்சியோடு ஒப்பிட்டு அது எவ்வளவு அசைகிறது என்ற பங்கின் வர்க்கத்தால் பெருக்கிக் கூட்ட வேண்டும். கிடைப்பதை மோடல் நிறை என்பார்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே கனமான கம்பத்துக்கு அது மொத்த எடையில் கால் பங்குதான் வரும். நம் கோபுரத்தில் மாடம் உச்சியில் கனமாக இருப்பதால் மூன்றில் ஒரு பங்கு, 500 டன் என்று எடுத்துக்கொள்வோம்.

இதன் பலன் பெரியது. 2 சதவீத டேம்பர் என்றால் 1,500 டன்னில் 2 சதவீதமான 30 டன் தேவையில்லை. 500 டன்னில் 2 சதவீதம், 10 டன் போதும். ஆனால் இதே வர்க்கம் டேம்பருக்கும் பொருந்தும். அதை உச்சியில் வைக்காமல், உச்சி ஆடுவதில் 80 சதவீதம் மட்டுமே ஆடும் தளத்தில் வைத்தால், 10 டன் டேம்பர் 6.4 டன் டேம்பராகத்தான் வேலை செய்யும். உச்சியில் உணவகத்துக்கு இடம் வேண்டும், டேம்பரைக் கீழே தள்ளுங்கள் என்று கட்டடக் கலைஞர் கேட்டால், என்ன விலையில் என்பதை இந்த 0.64 சொல்லும்.

எடை வாங்கித் தருவது மூன்று

நன்றாக இசைக்கப்பட்ட டேம்பர், ஒழுங்கற்ற காற்றில் கோபுரத்துக்குக் கூட்டித் தரும் தணிப்பு, நிறை விகிதத்தின் வர்க்கமூலத்தில் நான்கில் ஒரு பங்கு. கோபுரத்தின் சொந்தத் தணிப்பில் சுமார் 80 சதவீதம் இதோடு சேரும்.

```
மொத்தத் தணிப்பு ≈ √μ / 4 + 0.8 ζ
```

இங்கே `μ` நிறை விகிதம், `ζ` கோபுரத்தின் சொந்தத் தணிப்பு. நமக்குத் தேவை 0.04. சொந்தப் பங்கு 0.008. மீதி 0.032 வர வேண்டுமானால் `√μ` 0.128 ஆக வேண்டும். `μ` சுமார் 1.6 சதவீதம். அதாவது 8 டன். கணக்கு முடிந்ததுபோல் தோன்றும்.

ஆனால் வர்க்கமூலத்தைக் கவனியுங்கள். எடையை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே, 0.5 சதவீதமாகக் குறைத்தாலும் கூட்டுத் தணிப்பு ஏறக்குறைய பாதியாகத்தான் குறைகிறது. இரண்டரை டன்னில் மொத்தத் தணிப்பு 2.6 சதவீதம் கிடைத்துவிடும்; 30 மில்லி-ஜி 19-க்கு இறங்கிவிடும். தாளில் பார்த்தால் சின்ன டேம்பர் நல்ல பேரம்போலத் தெரியும். அது ஏன் பல நேரம் நல்ல பேரமில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. எடை வாங்கித் தருவது தணிப்பை மட்டும் அல்ல. டேம்பர் ஓடும் தூரம், இசைவு தவறினாலும் தாங்கும் தன்மை என்று வேறு இரண்டும் அதிலேயே அடக்கம்.

முதலில் ஓடும் தூரம். கோபுரத்திலிருந்து ஆட்டத்தை வாங்கிக்கொள்ளும் எடை, கோபுரத்தைவிடப் பலமடங்கு அதிகமாக ஆடியாக வேண்டும். நட்டு எவ்வளவு வீசி ஆடியது என்று பார்த்தீர்கள் அல்லவா? எத்தனை மடங்கு என்பதற்குத் தோராயமான கணக்கு இது:

```
டேம்பரின் ஓட்டம் / கோபுரத்தின் ஆட்டம் ≈ 1 / √(2μ)
```

2 சதவீதத்துக்கு இது 5 மடங்கு. கோபுரம் 15 மில்லி-ஜியில் 2.3 சென்டிமீட்டர் ஆடுமானால் எடை 12 சென்டிமீட்டர் ஓடும். அரை சதவீதத்துக்கு 10 மடங்கு. அங்கே கோபுரமும் 2.9 சென்டிமீட்டர் ஆடுகிறது என்பதால் எடை 29 சென்டிமீட்டர் ஓட வேண்டும். இது அடிக்கடி வரும் பலத்த காற்றுக்கு. ஆயுளில் ஒருமுறை வரும் புயலில் ஆட்டம் மூன்று மடங்காகும் என்று வைத்தால், கனமான டேம்பருக்கு ஒவ்வொரு பக்கமும் 35 சென்டிமீட்டர் இடம் போதும். லேசான டேம்பருக்கு 87 சென்டிமீட்டர் வேண்டும். ஒல்லிக் கோபுரத்தின் உச்சி அறையில், படிக்கட்டும் லிஃப்ட் இயந்திரமும் போக, அந்த இடம் கிடைப்பது அபூர்வம். இடம் போதாமல் எடை தடுப்பில் போய் இடித்தால் டேம்பர் வேலை செய்வதும் நின்றுவிடும், ஒவ்வோர் இடியும் கோபுரத்துக்குப் புதிய அடியாகவும் விழும்.

இரண்டாவது, இசைவு தவறினால் தாங்கும் தன்மை. எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். டேம்பரின் அதிர்வெண் இருக்க வேண்டியதிலிருந்து 5 சதவீதம் விலகிவிட்டது என்று வைப்போம். 2 சதவீத எடையுள்ள டேம்பர், தான் கூட்டித் தரும் தணிப்பில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் இழக்கும்: 3.5 சதவீதம் 2.8 ஆகும். அரை சதவீத டேம்பர் பாதியை இழந்துவிடும்: 1.8 சதவீதம் 0.9 ஆகும். விலகல் 10 சதவீதமானால் முதலாவது 1.8 சதவீதத்தையாவது தரும். இரண்டாவது 0.35 சதவீதம்தான் தரும், அதாவது கிட்டத்தட்ட வெறும் சுமை.

ஒரு மனக்கணக்கு இங்கே உதவும். `√μ` எண்ணைப் பாதியாக்குங்கள். 2 சதவீதத்துக்கு அது 7 சதவீதம், அரை சதவீதத்துக்கு 3.5 சதவீதம். உங்கள் கோபுரத்தின் அதிர்வெண் எவ்வளவு துல்லியமாகத் தெரியுமோ அந்தப் பிழை, இந்த எண்ணைவிடச் சிறிதாக இருக்க வேண்டும். கணினி மாதிரியில் வரும் அதிர்வெண், கட்டி முடித்த கோபுரத்தின் அதிர்வெண்ணிலிருந்து 10 சதவீதம் விலகுவது சாதாரணம். மண்ணின் விறைப்பு, கண்ணாடிச் சட்டங்கள், பூச்சுக் கனம் எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை அது. கட்டிய பிறகும் எண் அப்படியே நிற்காது. பெரிய ஆட்டத்தில் போல்ட் இணைப்புகள் நெகிழும், கான்கிரீட்டில் மயிரிழை விரிசல்கள் திறக்கும், அதிர்வெண் சில சதவீதம் இறங்கும். இதையெல்லாம் பார்த்துத்தான் 1.6 சதவீதம் போதும் என்ற கணக்கைத் தாண்டி நான் 2 சதவீதம், 10 டன் என்று முடிவு செய்வேன். அப்போது மொத்தத் தணிப்பு 4.3 சதவீதம், கொஞ்சம் விலகினாலும் இலக்கு கையை விட்டுப் போகாது.

அப்படியானால் ஏன் 5 சதவீதம், 10 சதவீதம் வைக்கக் கூடாது? வைக்கலாம், ஆனால் வர்க்கமூலம் இப்போது நமக்கு எதிராகத் திரும்பும். 10 டன்னை 40 டன் ஆக்கினால் கூட்டுத் தணிப்பு இரண்டு மடங்காகும், ஆட்டம் சுமார் 26 சதவீதம்தான் குறையும். அந்த 40 டன்னை 120 மீட்டர் உயரத்தில் தாங்கத் தூண்களைத் தடிமனாக்க வேண்டும். எனவே காற்றுக்கான டேம்பர்கள் பெரும்பாலும் 0.5 முதல் 2 சதவீதத்துக்குள் நிற்கின்றன.

கோபுரத்தின் அதிர்வெண்ணைவிடக் கொஞ்சம் கீழே

எடை முடிவானது. அதை எந்த அதிர்வெண்ணில் ஆட விட வேண்டும்? கோபுரம் 0.40 ஹெர்ட்ஸில் ஆடுகிறது, எடையும் 0.40-இல் ஆடட்டும் என்றுதான் முதலில் தோன்றும். உண்மையில் கொஞ்சம் கீழே இருக்க வேண்டும். காரணம் எளிது. 10 டன்னை உச்சியில் அசையாமல் கட்டிவைத்தால் கோபுரம் கனமாகி, அதன் அதிர்வெண் சற்றுக் குறையும் அல்லவா? அது தொங்கும்போதும் அந்தக் கனத்தின் விளைவு ஓரளவு இருக்கவே செய்கிறது. அந்தத் தாழ்வுக்கு ஏற்ப டேம்பரையும் தாழ்த்துகிறோம்.

எவ்வளவு தாழ்த்துவது என்பதற்கு இரண்டு சூத்திரங்கள் புழக்கத்தில் உள்ளன. விசை ஒரே சீராக, ஒரே தாளத்தில் வந்தால் டென் ஹார்டாக்கின் சூத்திரம். ஒழுங்கற்ற காற்றுக்கு வார்பர்ட்டனின் சூத்திரம்.

```
டென் ஹார்டாக்:  fd / fs = 1 / (1 + μ)
வார்பர்ட்டன்:    fd / fs = √(1 + μ/2) / (1 + μ)
```

`fs` கோபுரத்தின் அதிர்வெண், `fd` டேம்பருடையது. 2 சதவீதத்துக்கு முதலாவது 0.980 தரும், இரண்டாவது 0.985 தரும். நம் கோபுரத்தில் 0.392 ஹெர்ட்ஸ், அல்லது 0.394 ஹெர்ட்ஸ். இரண்டில் எது சரி என்று மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. வித்தியாசம் அரை சதவீதம். கோபுரத்தின் அதிர்வெண்ணே நமக்கு அவ்வளவு துல்லியமாகத் தெரியாது. காற்றுதான் நம் பிரச்சினை என்பதால் 0.394-ஐ எடுத்துக்கொள்வோம்.

இதை எஃகாக மாற்றுவது ஊஞ்சல் கணக்கு. ஊசலின் அதிர்வெண் அதன் நீளத்தை மட்டுமே பொறுத்தது, எடையைப் பொறுத்தது அல்ல.

```
L = g / (2π fd)²  =  9.81 / (2π × 0.394)²  ≈  1.60 மீ
```

தொங்கும் புள்ளியிலிருந்து எடையின் நிறைமையம் வரை 1.60 மீட்டர். டேம்பரை 0.40-க்கே இசைத்திருந்தால் 1.55 மீட்டர். அந்தச் சின்ன 'கொஞ்சம் கீழே' என்பது கம்பியில் ஐந்து சென்டிமீட்டர். ஒரு சென்டிமீட்டர் மாற்றினால் அதிர்வெண் 0.3 சதவீதம் மாறும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தைபே 101-இன் புகழ்பெற்ற தங்க நிற உருண்டையும் இதே கணக்குதான். 660 டன், 5.5 மீட்டர் விட்டம், 125 மில்லிமீட்டர் தடிமனுள்ள 41 எஃகுத் தகடுகளை அடுக்கிச் செய்தது. கட்டடம் ஒரு முறை ஆடிவரக் கிட்டத்தட்ட 7 வினாடி. 6.8 வினாடி என்று வைத்து மேலே உள்ள சூத்திரத்தில் போட்டால் நீளம் சுமார் 11.5 மீட்டர் வரும். உயரமான கட்டடம், மெதுவான ஆட்டம், நீளமான கம்பி. 2015 ஆகஸ்டில் சௌதெலோர் புயல் தைவானைத் தாக்கியபோது அந்த உருண்டை நடுவிலிருந்து ஒரு மீட்டர் வரை விலகி ஆடியது. ஓட்டத்துக்கு இடம் விடுவது எவ்வளவு முக்கியம் என்பதற்கு அதைவிட நல்ல படம் கிடையாது.

ஜப்பானின் சிபா துறைமுகக் கோபுரம் நம் கணக்குக்கு இன்னும் நெருக்கமானது. 125 மீட்டர் உயரம், 1986-இல் திறக்கப்பட்டது. அதன் தள வடிவம் சாய்சதுரம் என்பதால் இரண்டு திசையிலும் விறைப்பு வேறு. ஒரு திசையில் சுமார் 2.25 வினாடி, இன்னொன்றில் சுமார் 2.7 வினாடி. ஒரே கம்பியில் தொங்கும் ஊசலுக்கு எல்லாத் திசையிலும் ஒரே அதிர்வெண்தான். ஆகவே அங்கே ஒரு திசைக்கு ஒரு ஓட்டம் என்று ஒன்றன்மேல் ஒன்றாகத் தண்டவாளம்போல் அமைத்து, ஒவ்வொரு திசைக்கும் தனித்தனி ஸ்பிரிங் வைத்தார்கள். நிறை விகிதம் ஒரு திசையில் 120-இல் ஒரு பங்கு, மறு திசையில் 80-இல் ஒரு பங்கு. உங்கள் கோபுரம் வட்டமாகவோ சதுரமாகவோ இல்லாவிட்டால் இரண்டு திசைகளையும் தனித்தனியாக அளக்காமல் ஊசலைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

தண்ணீரின் பங்கு

நட்டு முங்கிய தண்ணீரின் இடத்தில் கோபுரத்தில் எண்ணெய் நிரம்பிய டேஷ்பாட்கள் இருக்கும். 2 சதவீத எடைக்கு டேம்பரின் சொந்தத் தணிப்பு 7 சதவீதம் என்று கணக்கு சொல்கிறது (சுமாராக `√μ / 2`). 10 டன்னுக்கு அது மீட்டர்/வினாடிக்கு 3.5 கிலோநியூட்டன். இந்த எண்ணில் தாராளமாக இருக்கலாம், ஆனால் மேல்பக்கமாக மட்டும். 7-ஐ 14 ஆக்கினால் கூட்டுத் தணிப்பில் ஐந்தில் ஒரு பங்குதான் போகும். பதிலுக்கு எடையின் ஓட்டம் சுமார் 30 சதவீதம் குறையும், இசைவுப் பிழையும் அவ்வளவாக உறைக்காது. மேலே சொன்ன சிபா கோபுரத்தில் 15 சதவீதம் வைத்ததற்கு இந்தப் பேரம் நன்றாகப் பொருந்துகிறது.

இசைந்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

இங்கேதான் கோபுரத்தின் மேலே ஏறிப் போக வேண்டும். முதல் வேலை, டேம்பரைப் பூட்டுப் போட்டு நிறுத்திவிட்டு, கோபுரம் தனியாக எப்படி ஆடுகிறது என்று முடுக்கமானியால் பதிவு செய்வது. சாதாரணக் காற்றே போதும், கண்ணுக்குத் தெரியாத ஆட்டமும் கருவிக்குத் தெரியும். ஆனால் பொறுமை வேண்டும். 100 வினாடித் துண்டாக எடுத்து அலசினால் அதிர்வெண்ணை 0.01 ஹெர்ட்ஸுக்கு ஒன்றாகத்தான் பிரித்துப் பார்க்க முடியும். நம் கோபுரத்துக்கு அது 2.5 சதவீதப் பிழை. 500 வினாடித் துண்டுகள் என்றால் 0.5 சதவீதம். அப்படிப் பல துண்டுகளைச் சராசரி எடுக்க இரண்டு மணி நேரப் பதிவாவது வேண்டும்.

அடுத்து டேம்பர். ஸ்டாப்வாட்சை வைத்து எடையைக் கையால் தள்ளி, இருபது ஆட்டம் எண்ணினால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. டேஷ்பாட் மாட்டியிருந்தால் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் வீச்சு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்து, ஐந்தாவது ஆட்டத்திலேயே எண்ண எதுவும் மிஞ்சாது. சரி, டேஷ்பாட்டைக் கழற்றிவிட்டுத் தள்ளினால்? அப்போது பூட்டும் நட்டும் செய்ததைத்தான் இதுவும் செய்யும். எடை ஒன்பது வினாடியில் தன் ஆட்டத்தையெல்லாம் கோபுரத்துக்குக் கொடுத்துவிட்டு ஏறக்குறைய நின்றுவிடும். அடுத்த ஒன்பது வினாடியில் திரும்ப வாங்கிக்கொள்ளும். நீங்கள் எண்ணுவது டேம்பரின் அதிர்வெண்ணே இல்லை, இரண்டும் கலந்த ஒன்று.

அந்தக் கலவையையே பயன்படுத்திக்கொள்ளலாம். டேஷ்பாட் இல்லாமல் எடையைச் சுதந்திரமாக விட்டு, லேசான காற்றில் பதிவு எடுத்து, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆட்டம் என்று வரைந்து பார்த்தால், ஒரு முகட்டுக்குப் பதில் இரண்டு முகடுகள் தெரியும். நம் கோபுரம் கணக்குப்படியே இருந்தால் 0.370 ஹெர்ட்ஸில் ஒன்று, 0.426 ஹெர்ட்ஸில் இன்னொன்று. இந்த இரண்டின் பெருக்கல், கோபுரத்தின் அதிர்வெண்ணையும் டேம்பரின் அதிர்வெண்ணையும் பெருக்கியதற்குச் சமம். ஆகவே:

```
fd = f1 × f2 / fs = 0.370 × 0.426 / 0.400 ≈ 0.394
```

எனக்கு இந்தக் கணக்கின்மேல் தனிப் பிரியம் உண்டு. டேம்பரைக் கழற்றாமல், கோபுரத்தின் மேலேயே அதன் அதிர்வெண்ணைக் கண்டுபிடித்துவிடுகிறது. எண் போடாமலேயே ஓர் அறிகுறியும் கிடைக்கும். மேல் முகடு மிக உயரமாகவும் கீழ் முகடு குட்டையாகவும் இருந்தால் டேம்பர் மெதுவாக ஆடுகிறது, கம்பியைக் குறைக்க வேண்டும். கீழ் முகடு ஓங்கியிருந்தால் கம்பியை நீட்ட வேண்டும்.

இப்போது ஒரு தவறிய நிலையைப் பார்ப்போம். டேம்பரைப் பூட்டிவிட்டு அளந்ததில், நம் கோபுரம் 0.400-க்குப் பதில் 0.376 ஹெர்ட்ஸில் ஆடுகிறது. அஸ்திவார மண் எதிர்பார்த்ததைவிட மென்மை, மாடத்தில் பிறகு சேர்ந்த சாமான்கள். 6 சதவீதம் தாழ்வு. டேம்பரை மாற்றாமல் அப்படியே விட்டால் கூட்டுத் தணிப்பில் நான்கில் ஒரு பங்கு போய்விடும். புதிய இலக்கு 0.376 × 0.985, அதாவது 0.370 ஹெர்ட்ஸ். ஊசல் நீளம் 1.81 மீட்டர். கம்பியில் 21 சென்டிமீட்டர் கூட்ட வேண்டும்.

வடிவமைக்கும்போதே இதற்கு வழி வைத்திருக்க வேண்டும். அதிர்வெண் இரண்டு பக்கமும் 10 சதவீதம் விலகலாம் என்று எடுத்துக்கொண்டால், நீளம் 1.32 மீட்டரிலிருந்து 1.98 மீட்டர் வரை மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். கம்பிகளைக் கவ்வும் ஒரு சட்டம் மேலும் கீழும் நகரும்படி வைத்தால் போதும். சட்டத்துக்குக் கீழே உள்ள நீளம்தான் ஆடும். எடைக்குக் கீழே தரைவரை இடம் விடுவதையும், சட்டம் நகரும் தூரத்தில் குறுக்கே விட்டமோ குழாயோ வராமல் பார்ப்பதையும் வரைபட நிலையிலேயே செய்துவிட வேண்டும்.

சட்டத்தை 21 சென்டிமீட்டர் உயர்த்தி இறுக்கியபின் டேஷ்பாட் இல்லாமல் மறுபடி ஒரு பதிவு. இரண்டு முகடுகளும் ஏறக்குறைய ஒரே உயரத்துக்கு வர வேண்டும். அப்புறம் டேஷ்பாட்டை மாட்டிவிட்டுக் கடைசிப் பதிவு. கூரான முகடு நின்ற இடத்தில் இப்போது அகலமான, தட்டையான ஒரு மேடுதான் தெரியும்.